வாரம் ஒரு மாத்திரை: ஏன் வெறும் தண்ணீர், ஏன் நிமிர்ந்து, ஏன் அரை மணி நேரம்?

போன வருஷம் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் எங்கள் அத்தைக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. வயது 68. நின்ற இடத்திலேயே விழுந்ததற்கு எலும்பு முறிகிறது என்றால் எலும்பு மெலிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, எலும்பு டாக்டர், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் இடுப்பெலும்பில் மைனஸ் 2.9 என்று வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அதை எலும்புப்புரை என்பார்கள். அத்தைக்கு அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கூடவே தினமும் கால்சியம், வைட்டமின் டி.

நான் மருந்தாளுநர். ஆனாலும் அத்தை அந்த மாத்திரையை எப்படிப் போடுகிறார் என்று நான்கு மாதம் கழித்து திண்டுக்கல் போனபோதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தார். காபி கலந்தார். மாத்திரையை வாயில் போட்டு இரண்டு மடக்கு காபியில் விழுங்கினார். மீதிக் காபியையும் குடித்துவிட்டு, “இன்னும் விடியலையே” என்று மறுபடி படுத்துக்கொண்டார்.

எழுந்ததும் கேட்டேன். “வெறும் வயித்துல போடணும்னு சொன்னாங்கம்மா. நான் இட்லிகூடத் தொடலையே” என்றார். பிறகு தானாகவே சொன்னார்: “ரெண்டு மாசமா நெஞ்சுக்குள்ள ஒரே கரிப்பு. கேஸ் மருந்து குடிச்சாலும் போக மாட்டேங்குது.”

பதினாறு பதினேழு மாத்திரைகள் போட்டிருப்பார். எலும்புக்கு அவற்றால் போய்ச் சேர்ந்தது மிகவும் கொஞ்சம். உணவுக்குழாய்க்குத்தான் கேடு. அத்தையின் மேல் தப்பில்லை. ‘வெறும் வயிற்றில்’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் நம் ஊரில் காபி அதில் சேராது. காலைக் காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் வைப்பதில்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவரே விட்டிருப்பார். அந்தக் காரணத்தை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இந்த மாத்திரையின் முக்கியமான குணம் ஒன்று: கால்சியத்தைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதன் நன்மையும், எதோடு போடலாம், எதோடு கூடாது என்ற கட்டுப்பாடும் இந்தக் குணத்திலிருந்துதான் வருகின்றன.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகக் கல் படியும், பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் கால்சியம். பிஸ்பாஸ்போனேட் என்ற ரசாயனக் குடும்பம் முதலில் அந்த வேலைக்குத்தான் பயன்பட்டது. ஆலைகளில் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படியாமல் தடுக்க அதைச் சேர்ப்பார்கள். 1960களில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், கால்சியத்தோடு இப்படி ஒட்டும் பொருள் உடம்புக்குள் போனால் எலும்பில் என்ன செய்யும் என்று பார்த்தார்கள். இன்றைக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

எலும்பு நாம் நினைப்பதுபோல அசையாத கல் அல்ல. பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், அந்தக் குழியில் புது எலும்பைப் பூசும் செல்கள் இன்னொரு பக்கம் என்று வேலை நடந்துகொண்டே இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு கரைக்கும் வேகம் கூடிவிடுகிறது, பூசும் வேகம் ஈடுகொடுக்க முடிவதில்லை. அப்படித்தான் எலும்பு உள்ளுக்குள் புரையோடிப் போகிறது. நாம் விழுங்கிய மருந்து ரத்தத்தில் கலந்ததும் எலும்பின் மேல்பரப்பில் உள்ள கால்சியத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கரைக்கும் செல் அந்த இடத்தை அரிக்க வரும்போது மருந்தையும் சேர்த்து விழுங்கிச் செயலிழந்துவிடுகிறது. பூசும் செல்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

எலும்பில் ஒருமுறை ஒட்டிய மருந்து லேசில் வெளியே வராது. அலென்ட்ரோனேட் வருடக்கணக்கில் எலும்பிலேயே தங்கும். அதனால்தான் தினமும் போட வேண்டியதில்லை. முதலில் தினம் 10 மில்லிகிராம் என்றுதான் கொடுத்தார்கள். பிறகு ஏழு நாள் அளவையும் சேர்த்து 70 மில்லிகிராமாக வாரம் ஒருமுறை கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கிறது என்று தெரிந்தது. ரிசெட்ரோனேட் என்றால் வாரத்துக்கு 35 மில்லிகிராம்.

இந்த மாத்திரை மூட்டு வலிக்கானது அல்ல. நம் பேச்சில் முழங்கால் தேய்மானத்தையும் எலும்புத் தேய்மானம் என்கிறோம், எலும்பு மெலிவதையும் எலும்புத் தேய்மானம் என்கிறோம். இரண்டும் வேறு வேறு. ‘மூன்று மாதம் போட்டும் முட்டி வலி குறையவில்லை’ என்று மாத்திரையை விட்டவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். இது வலியைக் குறைக்க வந்த மருந்து அல்ல. விழுந்தால் முதுகெலும்பும் இடுப்பும் முறியாமல் இருக்கத்தான் கொடுக்கிறார்கள்.

சரி, காபிக்கு வருவோம்.

70 மில்லிகிராம் மாத்திரையை எல்லா விதியையும் பின்பற்றிப் போட்டாலும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய 0.6 சதவீதம்தான். அதாவது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. மீதி அப்படியே மலத்தில் போய்விடும். மருந்தைத் தயாரித்தவர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் 70 என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு குறுகலான வாசலில் யாராவது குறுக்கே நின்றுவிட்டால் எதுவுமே உள்ளே போகாது.

குறுக்கே நிற்பது கால்சியம்தான். எலும்பிலுள்ள கால்சியத்தை எப்படிப் பிடிக்கிறதோ, அதேபோலப் பாலிலுள்ள கால்சியத்தையும் இந்த மருந்து வயிற்றிலும் குடலிலும் வைத்தே பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்தது குடல் சுவரைத் தாண்டாது. இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றோடும் இதே கதை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் நிறத் திரவங்களில் அலுமினியமும் மெக்னீசியமும்தான் இருக்கும். கால்சியம் மாத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பால் இல்லாத கடுங்காபி என்றால்? அதுவும் ஆகாது. காபியோடு அல்லது ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கியபோது, உள்ளே போகும் அந்தத் துளி மருந்திலும் ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்துவிட்டது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காலை உணவோடு சேர்த்தோ, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளோ போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே உள்ளே போகவில்லை. அத்தை குடித்தது பால் காபி. கேழ்வரகுக் கூழும் சத்துமாவுக் கஞ்சியும் எலும்புக்கு நல்லதாயிற்றே என்று அதோடு மாத்திரையைப் போடுகிறவர்களும் உண்டு. கேழ்வரகில் கால்சியம் ஏராளம். அதனால்தான் அந்த நேரத்தில் அது வேண்டாம் என்கிறோம். இரவு சாப்பிட்டபின் வேறு எதுவும் உள்ளே போகாத விடியற்காலைதான் இந்த மாத்திரைக்குத் தோதான நேரம்.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. காலையில் எழுந்ததும் வெற்றிலை போடும் பழக்கம் உள்ள பாட்டிமார்கள் இருக்கிறார்கள். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தான். அதுவும் அரை மணி நேரம் காத்திருக்கட்டும்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? மருந்தோடு வரும் தாளில் ‘மினரல் வாட்டர் கூடாது’ என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு கேன் தண்ணீரை விலக்கி, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் விழுங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்தத் தாள் சொல்வது, ஊற்றிலிருந்து தாதுச்சத்தோடு அப்படியே பாட்டிலில் அடைத்து விற்கும் தண்ணீரை. நாம் மினரல் வாட்டர் என்று கூப்பிடும் கேன் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரித்து உப்பை எடுத்த குடிநீர். அதைக் குடிக்கலாம். கல் படியாத குழாய்த் தண்ணீரும் நல்லதுதான். பாத்திரத்தில் வெள்ளைக் கல் படிகிற தண்ணீரை மட்டும் இந்த மாத்திரைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் காரணம் வேறு. அது உணவுக்குழாய் சம்பந்தப்பட்டது.

தொண்டையிலிருந்து வயிறு வரை உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம். உட்புறம் ஈரமான, மென்மையான தோல். காய்ந்த மாத்திரை ஒன்றை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் நடுவில் எங்காவது ஒட்டி நிற்கும். நமக்கு அது தெரியவும் தெரியாது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரை என்றால் கரைந்து போய்விடும், பெரிய கேடில்லை. இந்த மாத்திரை ஒட்டிய இடத்திலேயே கரைந்தால் அந்த மென்தோலைப் புண்ணாக்கும். வயிற்றுக்குள் போன மருந்து அமிலத்தோடு கலந்து மேலே எதுக்களித்து வந்தால் இன்னும் மோசம். அலென்ட்ரோனேட் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த வருஷமே உணவுக்குழாயில் கடுமையான புண் வந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் வெளிவந்தன. அவர்களில் பலர் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கியவர்கள், அல்லது விழுங்கியதும் படுத்தவர்கள். முழு டம்ளர் தண்ணீர், நிமிர்ந்த உடம்பு என்ற விதி அதற்குப் பிறகுதான் அழுத்தமாகச் சொல்லப்பட்டது.

எனவே ஒரு பெரிய டம்ளர் நிறைய, அதாவது 200 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர். காபி டம்ளர் போதாது. மாத்திரையைப் போடும் முன்பே இரண்டு மடக்கு குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடிக்கக் கூடாது, சப்பக் கூடாது, பொடித்துக் கரைக்கவும் கூடாது, வாயிலும் தொண்டையிலும் புண் வரும்.

விழுங்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். படுக்கக் கூடாது. சாய்வு நாற்காலியில் சரிந்து கிடப்பதும் படுப்பதுதான். குனிந்து கோலம் போடுவதையும் தரை துடைப்பதையும் அந்த அரை மணி நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன், குனிந்தாலும் எதுக்களிக்கும். இதில் எல்லோரும் விடுகிற ஒரு பாதி இருக்கிறது. அரை மணி ஆனதும் படுத்துவிடலாம் என்பதல்ல, அரை மணி ஆகி, அன்றைய முதல் சாப்பாடும் சாப்பிட்ட பிறகுதான் படுக்கலாம். உணவு இறங்கும்போது குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சத்தையும் வழித்துக்கொண்டு போகும். அதனால் முழு நாள் விரதம் இருக்கிறவர்கள் விரத நாளை மாத்திரை நாளாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

தூங்கப் போகும் முன் ஒருபோதும் போடக் கூடாது. ‘ராத்திரி மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் மறக்காதே’ என்று கேட்பவர்கள் உண்டு. மல்லாந்து கிடக்கும் உடம்பில் இந்த மாத்திரை செய்யும் கேடு பெரிது.

அரை மணி என்பதும் குறைந்தபட்சக் கணக்குதான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மருந்து கூடுதலாக உள்ளே போகும். பொறுக்க முடிந்தவர்கள் முக்கால் மணி, ஒரு மணி என்று காத்திருக்கலாம். மாதம் ஒருமுறை போடும் ஐபான்ட்ரோனேட் என்ற மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கட்டாயம். சாப்பாட்டுக்குப் பின் போடும்படி தனியாகத் தயாரித்த ரிசெட்ரோனேட் மாத்திரையும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போடுகிற முறையைப் பார்த்துப் போட வேண்டாம். உங்கள் அட்டையில் என்ன பெயர் என்று பாருங்கள்.

அத்தை கதைக்குத் திரும்புகிறேன். நெஞ்சுக் கரிப்பு என்று அவர் சொன்னதும் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் லேசான புண் தெரிந்தது. ஆற மருந்து கொடுத்து, இரண்டு மாதம் எலும்பு மாத்திரையைத் தள்ளிவைத்தார்கள். புண் ஆறியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் கரித்தால் வருஷத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றும் ஊசிக்கு மாறிவிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். விழுங்கும்போது வலி, மார்புக்கு நடுவில் வலி, புதிதாக வந்த அல்லது கூடிய நெஞ்செரிச்சல், தொண்டையில் அடைப்பதுபோல உணர்வு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கேஸ் மருந்தால் மூடி மறைத்துக்கொண்டே மாத்திரையைத் தொடர்வதுதான் ஆபத்து.

இப்போது அத்தையின் ஞாயிற்றுக்கிழமை இப்படி இருக்கிறது. சனி இரவே மேசையில் ஒரு மாத்திரையும் கேன் தண்ணீர் நிரப்பிய பெரிய சில்வர் டம்ளரும் எடுத்து வைத்துவிடுவார். ஆறு மணிக்கு எழுந்து பல் துலக்கி, நின்றபடி மாத்திரையைப் போட்டு டம்ளரைக் காலி செய்வார். வாசலில் நடந்தபடி பால்காரரிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் பேசிக்கொண்டிருப்பார். தைராய்டு மாத்திரையும் அவருக்கு உண்டு, அதுவும் வெறும் வயிற்றில் போடுவது. அன்று மட்டும் அதை ஆறரைக்கு வெறும் தண்ணீரில் போடும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏழரைக்குக் காபி, எட்டுக்கு இட்லி. கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பின். அதை நிறுத்தக் கூடாது, ஏனென்றால் ரத்தத்தில் கால்சியமோ வைட்டமின் டியோ குறைவாக இருக்கும்போது இந்த மருந்து கால்சியத்தை இன்னும் கீழே இறக்கிவிடும். நேரத்தைப் பிரித்து வைத்தால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ வழக்கமான நேரத்தில் போட்டுவிட்டு, எலும்பு மாத்திரைக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அன்று அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தள்ளிப்போடுவது பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரை ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், உணவுக்குழாய் சுருங்கியோ உணவு இறங்கத் தடைபட்டோ இருப்பவர்கள், சிறுநீரகம் நன்றாகப் பழுதடைந்தவர்கள், ரத்தத்தில் கால்சியம் குறைந்தவர்கள். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு மகன் கஷ்டப்பட்டு இதை விழுங்க வைக்கிறார் என்றால் அவர் செய்வது அன்புதான், ஆனால் அந்த மாத்திரை அவருக்கு ஏற்றதல்ல. ஊசி மருந்துகள் இருக்கின்றன.

வருடக்கணக்கில் போடுகிறவர்களில் மிக அரிதாக இரண்டு தொல்லைகள் வருவதுண்டு. பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிவது ஒன்று. தொடை எலும்பு நடுவில் முறிவது இன்னொன்று, பெரும்பாலும் அதற்கு முன்பே பல வாரமாகத் தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி இருக்கும். எனவே பல் டாக்டரிடம் போனால் இந்த மாத்திரை போடுவதைச் சொல்லுங்கள், தொடை வலி வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இதனால்தான் ஏறக்குறைய ஐந்து வருஷத்தில், இன்னும் தேவையா, கொஞ்ச காலம் நிறுத்தலாமா என்று டாக்டர்கள் மறுபரிசீலனை செய்கிறார்கள். எலும்பிலேயே தங்கியிருக்கும் மருந்து என்பதால் நிறுத்தினாலும் பலன் உடனே போய்விடாது.

மறதியில் இரண்டு வகை. வார மாத்திரையைத் தினமும் போட்டுவிடுவது ஒன்று. அட்டையில் நான்கு மாத்திரை இருந்தால் அது நான்கு வாரத்துக்கு. தினசரி மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் இதைப் போடவே வேண்டாம், தனியாகக் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்து, போட்ட நாளில் கட்டத்தைச் சுழித்துவிடுங்கள்.

இன்னொன்று, போட வேண்டிய நாளையே மறப்பது. போன மாதம் அத்தை மகன் வீட்டுக்கு பெங்களூரு கிளம்பிய அவசரத்தில் ஞாயிறு மாத்திரையை விட்டுவிட்டார். ரயிலில் டிபன் சாப்பிட்டு முடித்தபோது நினைவு வந்து எனக்கு போன் செய்தார். “இப்பப் போட்டுக்கவாம்மா, பையிலதான் இருக்கு?” என்றார். வேண்டாம், நாளைக் காலையில் எழுந்ததும் அதே முறையில் ஒன்று போடுங்கள், அடுத்த ஞாயிறு வழக்கம்போல ஒன்று, ஒரே நாளில் இரண்டு மட்டும் கூடாது என்றேன். திங்கள் காலை ஆறரைக்கு மறுபடி போன் வந்தது. மாடியில் நடந்துகொண்டிருக்கிறாராம், மருமகள் காபியோடு நிற்கிறாளாம், இன்னும் எத்தனை நிமிஷம் என்று கேட்டார்.